டிவிடெண்டைக் குறைக்கச் சொல்லும் குறிப்பு: போர்டுக்கு எப்படி எழுதுவது?

வாசகர் கடிதம்

நான் ஓர் உற்பத்தி நிறுவனத்தில் நிதி மேலாளர். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம். நாற்பது பங்குதாரர்கள்; பெரும்பாலும் நிறுவியவர்களின் குடும்பத்தினர். ஆண்டு நிகர லாபம் 20 கோடி, அதில் 12 கோடி டிவிடெண்டாகப் போகிறது. புதிய உற்பத்தி வரிசை ஒன்று போட இரண்டு ஆண்டில் 24 கோடி வேண்டும். டிவிடெண்டை 6 கோடியாகக் குறைத்தால் இரண்டு ஆண்டில் 12 கோடி மிஞ்சும். மீதி 12 கோடியை வங்கியில் வாங்கலாம். வங்கி 10% வட்டிக்கு 15 கோடி வரை தரும் என்கிறது. சொந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது என்பதால் இதுவே சிக்கனமான வழி என்று எம்.டி. சொன்னபடி 11 பக்கக் குறிப்பு எழுதிவிட்டேன். புதிய வரிசை முழுதாக ஓடினால் ஆண்டுக்கு 6 கோடி தரும், அதாவது 25% வருமானம். ஆனால் ஓர் இயக்குநர், "என் தங்கை இந்தப் பணத்தில்தான் குடும்பம் நடத்துகிறாள்" என்றார். அதற்குப் பிறகு குறிப்பை அனுப்பக் கை வரவில்லை. விற்பனை கூடினால் எனக்கும் ஊக்கத்தொகை உண்டு. அதையும் குறிப்பில் சொல்ல வேண்டுமா? மூன்று ஆண்டுக் கணக்குகளையும் திட்டக் கணக்குத் தாளையும் இணைத்திருக்கிறேன்.

— பெயர் வேண்டாம்

ஆலோசகர் பதில்

வணக்கம்.

குறிப்பை இன்னும் அனுப்பவில்லை என்பது நல்லதாகப் போயிற்று. உங்கள் பரிந்துரையின் திசை சரி. ஆனால் அதைத் தாங்கி நிற்கும் கணக்கு சரியில்லை. நீங்கள் இணைத்த தாள்களை இரண்டு முறை படித்தேன். திருத்த வேண்டியவை அந்தத் தாள்களிலேயே இருக்கின்றன.

லாபத்திலிருந்து அல்ல, ரொக்கத்திலிருந்து தொடங்குங்கள்

உங்கள் குறிப்பு "லாபம் 20, டிவிடெண்ட் 12, ஆகவே 60% பங்கீடு" என்று தொடங்குகிறது. கேட்க மிதமாக இருக்கிறது. ஆனால் டிவிடெண்ட் லாபத்திலிருந்து போவதில்லை. வங்கிக் கணக்கிலிருந்து போகிறது. கடந்த ஆண்டின் ரொக்க ஓட்ட அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள்.

நிகர லாபம் 20. தேய்மானம் 5 என்பது பணமாக வெளியே போகாத செலவு, அதைத் திரும்பக் கூட்டினால் 25. பழைய இயந்திரங்களை மாற்ற 7 செலவழித்திருக்கிறீர்கள். தேய்மானத்தைவிட இது கூடுதல், ஏனென்றால் பழைய விலையில் தேய்மானம் எழுதுகிறீர்கள், இன்றைய விலையில் இயந்திரம் வாங்குகிறீர்கள். சரக்கிலும் வாடிக்கையாளர் பாக்கியிலும் 4 கூடுதலாக முடங்கியிருக்கிறது. பழைய கடனின் அசலுக்கு 3 கட்டியிருக்கிறீர்கள். இவை மூன்றையும் கழித்தால் கையில் நின்றது 11.

கொடுத்த டிவிடெண்ட் 12. அந்த மீதி 1 கோடி எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். ஓவர்டிராஃப்ட் நிலுவை மூன்று ஆண்டாக ஏறக்குறைய அதே அளவு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆக, புதிய வரிசை என்ற பேச்சே இல்லாவிட்டாலும் இப்போதைய டிவிடெண்டின் ஒரு சிறு பகுதி கடன் வாங்கித்தான் தரப்படுகிறது. போர்டில் யாருக்கும் இது தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். லாப நட்டக் கணக்கு இதைக் காட்டாது. உங்கள் குறிப்பில் இருக்கவேண்டிய மிக முக்கியமான வாக்கியம் இதுதான், அது 11 பக்கத்தில் எங்குமே இல்லை.

இதன் விளைவு உங்கள் நிதித் திட்டத்தில் தெரிகிறது. டிவிடெண்டை 6 ஆக்கினால் ஆண்டுக்கு 6 மிஞ்சாது. முதல் 1 அந்த ஓட்டையை அடைக்கப் போகும். திட்டத்துக்குக் கிடைப்பது 5 மட்டுமே.

செலவுப் பக்கத்திலும் ஒன்று விடுபட்டிருக்கிறது. 24 என்பது இயந்திரமும் கட்டடமும் மட்டும். புதிய வரிசை ஆண்டுக்கு 30 கோடிக்கு விற்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நிறுவனத்தில் ஒவ்வொரு 100 விற்பனைக்கும் ஏறத்தாழ 20 சரக்காகவும் வரவேண்டிய பாக்கியாகவும் நிற்கிறது. அப்படியானால் 30 விற்க 6 கோடி நடைமுறை மூலதனம் வேண்டும். மொத்தத் தேவை 30.

இரண்டு ஆண்டு என்பதும் மூன்றாகிறது. நடைமுறை மூலதனம் தேவைப்படுவது வரிசை ஓடத் தொடங்கும் மூன்றாம் ஆண்டில். மூன்று ஆண்டுக்கு 5 வீதம் நிறுத்திவைத்தால் 15. மீதி 15 கடன். வேலை நடக்கும் காலத்தில் ஏறும் வட்டியைச் சேர்த்தால், வரிச் சலுகை போகவும் 2-க்கு மேல் கூடும். வங்கி தருவதாகச் சொன்ன உச்சவரம்போ 15. நீங்கள் 3 கோடி தெம்பு இருப்பதாக நினைத்திருக்கிறீர்கள். உண்மையில் வேலை தொடங்கும் முன்பே 2 கோடி பற்றாக்குறை. மூன்றாம் ஆண்டின் புதிய வருமானத்தை நான் சேர்க்கவில்லை. புது வரிசையின் முதல் ஆண்டு வருமானத்தை நம்பிக் கடன் வரம்பைக் கணக்கிடக் கூடாது என்பது என் பழக்கம்.

சொந்தப் பணத்துக்கும் விலை உண்டு

நிறுத்திவைத்த லாபத்துக்கு வட்டி இல்லை என்ற வரியை முழுதாக எடுத்துவிடுங்கள். இந்தத் தவறை அனுபவமுள்ள கணக்காளர்களும் செய்கிறார்கள், ஏனென்றால் அந்த விலைக்கு எந்த வவுச்சரும் வருவதில்லை. அந்தப் பணம் பங்குதாரர்களுடையது. அவர்கள் அதை வாங்கிப் போய் இதே அளவு ஆபத்துள்ள வேறோர் இடத்தில் போட்டால் என்ன கிடைக்குமோ, அதுதான் அதன் விலை. திவாலானால் வங்கிக்குக் கொடுத்த பிறகே பங்குதாரருக்கு மிச்சம். ஆகவே வங்கியைவிட அவர்கள் கூடுதலாக எதிர்பார்ப்பது நியாயம். உங்கள் போர்டே முன்பு ஒரு கூட்டத்தில் புதிய முதலீடுகளுக்குக் குறைந்தபட்ச வருமானம் 14% என்று தீர்மானித்திருக்கிறது. கடன் 10%, அதன் வட்டிக்கு வரியிலும் கழிவு உண்டு. ஆக, நிறுத்திவைக்கும் லாபம்தான் உங்களிடம் உள்ள இரண்டில் விலை கூடிய பணம்.

அப்படியானால் முழுதும் கடனாக வாங்கிவிடலாமே என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். அதற்கு உங்களிடம் நேர்மையான பதில் இருக்கிறது: வங்கி அவ்வளவு தராது, தந்தாலும் வரிசை ஓடாத ஆண்டிலும் தவணை கட்ட வேண்டும். நிறுத்திவைத்த லாபத்தின் சிறப்பு அது மலிவு என்பதில் இல்லை. கெட்ட ஆண்டில் அது காத்திருக்கும் என்பதில் இருக்கிறது. வாதத்தை அங்கே வையுங்கள்.

இனி 25%. வருமானம் 6, ஆனால் முதலீடு 24 அல்ல, 30. புதிய இயந்திரங்களுக்கும் பராமரிப்பும் மாற்றும் செலவும் உண்டு. உங்கள் தாளிலேயே அதற்கு ஆண்டுக்கு 1 போட்டிருக்கிறீர்கள், ஆனால் கழிக்க மறந்திருக்கிறீர்கள். 5-ஐ 30-ஆல் வகுத்தால் 16.7%. இன்னும் 14-க்கு மேல்தான். ஆனால் இது வரிசை முழுக் கொள்ளளவில் ஓடும்போது.

முக்கால் கொள்ளளவில் ஓடினால் 3.5 தான் வரும் என்று அதே தாளின் கடைசிப் பத்தியில் சொல்கிறீர்கள். விற்பனை கால் பங்கு குறைந்தால் வருமானம் கால் பங்கோடு நிற்காமல் 40%-க்கு மேல் சரிகிறது. சம்பளமும் வாடகையும் குறையாது அல்லவா? பராமரிப்பு 1-ஐக் கழித்தால் 2.5. அப்போது சரக்கில் முடங்குவது சற்றுக் குறையும் என்று கொடுத்தாலும் வருமானம் 9% அளவுதான். இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே கோடு போட்டால், 14% கிடைக்க வரிசை ஏறத்தாழ 92% ஓட வேண்டும்.

இந்த 92% என்ற எண்ணை போர்டு பார்க்க வேண்டும். தோராயக் கணக்குத்தான், குறிப்போடு இணைக்கும் தாளில் ஆண்டுவாரியான ரொக்கத்தை 14%-இல் தள்ளுபடி செய்து, அதாவது பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, நிகர நிகழ்கால மதிப்பைக் காட்டுங்கள். முதல் இரண்டு ஆண்டு வருமானம் இல்லாமல் போவதால் அந்தக் கணக்கு இதைவிடச் சற்றுக் கடுமையாகத்தான் வரும். ஆனால் பேச்சு நடக்கப்போவது இந்த எண்ணைச் சுற்றி: வரிசையை 92% நிரப்ப ஆர்டர் இருக்கிறதா? "சந்தையில் தேவை அதிகம்" என்று எழுதாதீர்கள். கடந்த ஒன்றரை ஆண்டில் கொள்ளளவு இல்லாமல் திருப்பி அனுப்பிய ஆர்டர்களை விற்பனைப் பிரிவிடம் தேதியோடும் அளவோடும் கேட்டு வாங்குங்கள். அவற்றில் எத்தனை பேர் எழுத்தில் உறுதி தருவார்கள் என்று பாருங்கள்.

ஒரே முறை, போதுமான அளவு

1956-இல் வெளியான தன் ஆய்வுக்காக ஜான் லின்ட்னர் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்காவில் 28 நிறுவனங்களின் நிர்வாகிகளிடம் டிவிடெண்டை எப்படித் தீர்மானிக்கிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தார். லாபம் ஏறினாலும் அவர்கள் டிவிடெண்டை மெல்லத்தான் ஏற்றினார்கள். பின்னால் குறைக்க வேண்டி வரும் என்ற அச்சமே காரணம். குறைப்பு என்பது அவ்வளவு பெரிய செய்தி. அதை இரண்டு முறை சொல்ல முடியாது. 6 ஆக்கிவிட்டு அடுத்த ஆண்டு பணம் போதாமல் 3 ஆக்கினால், முதல் குறிப்பில் நீங்கள் சொன்ன எதையும் பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

அதனால் 6 என்பதும் முழு வரிசை என்பதும் ஒன்றுசேராது என்பது என் கருத்து. இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும்.

முதல் வழி, முழு வரிசைக்கு டிவிடெண்டை 4 ஆக்குவது. அப்போது ஆண்டுக்கு 7 நிற்கும், மூன்று ஆண்டில் 21. கடன் 9; வட்டியோடு 11-க்குள் அடங்கும். வங்கி வரம்பில் 4 மீதம். இயந்திரச் செலவு 15% எகிறினாலும் தாங்கும்.

இரண்டாம் வழி, 6-ஐ வைத்துக்கொண்டு வரிசையைப் பாதியாகப் போடுவது. பாதி வரிசைக்குச் செலவு பாதி ஆகாது. கட்டடமும் மின் இணைப்பும் முழுதாக வேண்டும் என்பதால் உங்கள் தாளில் 14 என்று இருக்கிறது. சரக்குக்கு 3 சேர்த்து 17. பராமரிப்பு போக 2.5 வந்தால் 14.7%. முழு வரிசையின் வருமானத்தைவிடக் குறைவுதான். ஆனால் கையில் உள்ள ஆர்டரைக் கொண்டு நிரப்ப முடிகிற அளவு. கடன் மிகச் சிறிது. அது நிரம்பிய பிறகு அடுத்த பாதியைப் பற்றிப் பேசலாம்.

எழுத்தில் உறுதியான ஆர்டர் முழு வரிசையின் 70%-ஐத் தாண்டினால் நான் முதல் வழிக்குப் போவேன்; அதற்குக் கீழே என்றால் இரண்டாவது. 70% என்பது சூத்திரத்தில் வந்ததல்ல, என் தொழில் அனுபவத்தில் வைத்துக்கொண்ட கோடு. உங்கள் துறையை அறிந்த நீங்கள் அதை மாற்றலாம். புதிய பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டும் வழியையும் குறிப்பில் ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள்; டிவிடெண்டை நம்பி இருப்பவர்களிடமே திரும்பப் பணம் கேட்பதாகும் என்பதும், கொடுக்க முடியாதவர்களின் பங்கு விகிதம் சுருங்கும் என்பதும் போதுமான காரணங்கள்.

அந்தத் தங்கை

அவரை நினைத்து உங்களுக்குக் கை வரவில்லை என்பது பலவீனம் அல்ல. அவருடைய நிலையில் ஓர் உண்மையான சிக்கல் இருக்கிறது.

1961-இல் மில்லரும் மொடிக்லியானியும் எழுதிய கட்டுரையிலிருந்து வரும் வாதம் ஒன்றை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள்: வரியும் செலவும் இல்லாத நேர்த்தியான சந்தையில் டிவிடெண்ட் எவ்வளவு என்பது பங்குதாரரின் செல்வத்தை மாற்றாது; பணம் வேண்டியவர் கொஞ்சம் பங்கை விற்றுக்கொள்ளலாம். உங்கள் குறிப்பின் எட்டாம் பக்கம் இதையே வேறு சொற்களில் சொல்கிறது. ஆனால் உங்கள் பங்குகளுக்குச் சந்தையே இல்லை. அந்த அம்மாவால் நாளைக்கு நூறு பங்கை விற்க முடியாது. அவருக்கு டிவிடெண்ட் ஒன்றே வாசல். இந்த வாதம் உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்தாது, எடுத்துவிடுங்கள்.

பட்டியலிட்ட நிறுவனத்தில் கதை வேறு. 1994 மே மாதத்தில் அமெரிக்காவின் எஃப்.பி.எல். குரூப் என்ற மின் நிறுவனம், நல்ல நிலையில் இருக்கும்போதே, காலாண்டு டிவிடெண்டை 62 சென்ட்டிலிருந்து 42 சென்ட்டாகக் குறைத்தது. அன்று ஒரே நாளில் பங்கு விலை சுமார் 14% விழுந்தது. நிறுவனம் ஏன் குறைக்கிறோம், இனி லாபத்தில் எவ்வளவு பங்கு தருவோம் என்பதை அதே அறிவிப்பில் சொல்லியிருந்தது; தன் பங்குகளைத் திரும்ப வாங்கும் திட்டத்தையும் சேர்த்து அறிவித்தது. சில வாரங்களில் விலை மீண்டது. காத்திருக்க விரும்பாதவருக்கு அங்கே வெளியேற ஒரு வழி இருந்தது. அதை உங்கள் பங்குதாரர்களுக்கு நீங்கள் தனியாகக் கட்டித்தர வேண்டும்.

மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு விலை நிர்ணயித்து, விரும்புகிற உறவினர்கள் சிறு பங்குகளை வாங்கிக்கொள்ள ஆண்டுக்கு ஒரு முறை வாய்ப்பு வைக்கலாம். வசதியுள்ள பெரிய பங்குதாரர்கள் சிலர் மூன்று ஆண்டுக்குத் தங்கள் டிவிடெண்டைத் தாமே விட்டுக்கொடுக்க, சிறு பங்குதாரர்களுக்கு அதிகம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. ஆனால் அதற்குச் சட்டமும் வரியும் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் வழக்கறிஞர் எழுத்தில் சரி என்று சொல்லாமல் குறிப்பில் சேர்க்காதீர்கள். அவரிடமே இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். நிறுவனத்தின் சங்க நடைமுறை விதிகளிலோ பங்குதாரர் ஒப்பந்தத்திலோ குறைந்தபட்ச டிவிடெண்ட் பற்றி ஏதேனும் ஷரத்து இருக்கிறதா? பழைய கடன் ஒப்பந்தம் புதுக் கடனுக்கோ டிவிடெண்டுக்கோ வரம்பு வைத்திருக்கிறதா?

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டிவிடெண்ட் குறைகிற அதே ஆண்டில் எம்.டி.யின் சம்பளமோ நிர்வாகத்தில் இருக்கும் குடும்பத்தினரின் சலுகைகளோ ஏறக் கூடாது. பல நாடுகளின் நிறுவனச் சட்டங்கள் சிறுபான்மைப் பங்குதாரரை நியாயமின்றி நடத்துவதற்கு எதிராக நீதிமன்றம் போக இடம் தருகின்றன. லாபத்தை நிறுத்திவைப்பது மட்டும் அநேகமாக அதில் சிக்காது. நிறுத்திவைத்துவிட்டு உள்ளே இருப்பவர்கள் வேறு பெயரில் எடுத்துக்கொண்டால் சிக்கும்.

முதல் பக்கம்

பரிந்துரை உங்கள் குறிப்பில் பத்தாம் பக்கத்தில் வருகிறது. கசப்பான செய்தியைத் தள்ளிப்போடும் இயல்பு புரிகிறது. ஆனால் அதைத் தேடித்தேடிப் படிக்கிற இயக்குநர், நீங்கள் எதையோ மறைப்பதாக நினைப்பார். நான்கு பக்கம் போதும், கணக்கெல்லாம் பின்னிணைப்பில். தொடக்கம் இப்படி இருக்கலாம்:

"வரும் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டு டிவிடெண்டை 12 கோடியிலிருந்து 4 கோடியாகக் குறைக்கப் பரிந்துரைக்கிறேன். இரண்டு காரணங்கள். இப்போதைய டிவிடெண்ட் நாம் ஈட்டும் ரொக்கத்தைவிட ஆண்டுக்கு 1 கோடி அதிகம். புதிய உற்பத்தி வரிசைக்கு நடைமுறை மூலதனம் உட்பட 30 கோடி தேவை. வரிசை 92% ஓடினால்தான் இந்த முதலீடு போர்டு விதித்த 14%-ஐத் தரும். எழுத்தில் உள்ள ஆர்டர்களின் அளவு பின்னிணைப்பில் இருக்கிறது. பாதி வரிசையும் 6 கோடி டிவிடெண்டும் என்ற மாற்று வழியும் போர்டின் முன் வைக்கப்படுகிறது. விற்பனை உயர்வுக்கு எனக்கு ஊக்கத்தொகை உண்டு என்பதைப் போர்டு கவனத்தில் கொள்ளவும்."

கடைசி வரிதான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். ஆம், சொல்லுங்கள், முதல் பக்கத்திலேயே. பிறகு வேறொருவர் வாயிலாகத் தெரியவந்தால் உங்கள் எண்கள் எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகும். இந்தத் திருத்தங்களை எம்.டி.யிடம் முன்னதாகக் காட்டிவிடுங்கள். போர்டுக் கூட்டத்தில் அவர் முதன்முறையாகப் பார்க்கக் கூடாது. அவர் 25%-ஐத் திரும்பப் போடச் சொன்னால், கையெழுத்து உங்களுடையது என்பதைப் பணிவாகச் சொல்லி, அந்த எண்ணை அவர் பெயரில் தனிக் குறிப்பாகத் தரும்படி கேளுங்கள்.

போர்டு எந்த வழியை ஏற்றாலும் தீர்மானத்தில் இரண்டு வரிகள் சேரட்டும். முதலாவது, மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு டிவிடெண்ட் கையில் நிற்கும் ரொக்கத்தில் எத்தனை சதவீதம் என்பது. இரண்டாவது, ஆர்டர் குறித்த அளவுக்குக் கீழே போனால் திட்டத்தை நிறுத்தி, மிஞ்சிய பணத்தைப் பங்குதாரர்களுக்கே திருப்பித் தருவது. பொதுக்கூட்ட அறிவிப்பு போகும் முன், அந்த இயக்குநரோடு போய் அவருடைய தங்கையை நேரில் பாருங்கள். அடுத்த மூன்று ஆண்டும் அவருக்கு எந்த மாதம் எவ்வளவு வரும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அவர் தன் செலவுகளை இப்போதே மாற்றி அமைத்துக்கொள்ள அது வேண்டும்.